செத்தவர் சார்பில் யார் மன்னிப்பது?

இரண்டாம் உலகப் போரின் நடுவே, லெம்பெர்க் நகரத்தின் தொழில்நுட்பக் கல்லூரியை ஜெர்மன் ராணுவம் ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தது. பக்கத்து வதைமுகாமிலிருந்து யூதக் கைதிகளைக் குப்பை அள்ள அங்கே ஓட்டிவந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே கல்லூரியில் கட்டடக்கலை படித்த சைமன் வீசெந்தால். ஒரு நர்ஸ் வந்து அவர் யூதர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பின்னால் வரும்படி சைகை காட்டினார்.

அறைக்குள் தலை முழுக்கக் கட்டுப்போட்ட ஒரு ஜெர்மன் சிப்பாய் கிடந்தான். கண் போயிருந்தது. பெயர் கார்ல், வயது 21, ஹிட்லரின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்தவன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் கோயிலே கதியென்று இருந்தவன். சாகப்போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வீசெந்தாலின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் படைப்பிரிவு உக்ரைனின் நீப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரில் செய்ததைச் சொல்லத் தொடங்கினான். யூதக் குடும்பங்களை ஒரு வீட்டுக்குள் அடைத்து, பெட்ரோல் டின்களையும் உள்ளே ஏற்றிவைத்து, கையெறி குண்டுகளை வீசினார்கள். எரிகிற ஜன்னலிலிருந்து ஒரு தகப்பன் குழந்தையின் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு குதித்தான், பின்னாலேயே தாயும் குதித்தாள். சுட்டார்கள். அந்தக் குழந்தையை மறக்க முடியவில்லை என்றான். ஒரு யூதரிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் தன்னால் நிம்மதியாகச் சாக முடியாது என்றான்.

வீசெந்தால் நெடுநேரம் உட்கார்ந்து கேட்டார். நடுவில் அவன்மேல் வந்து உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டினார். அவன் சொல்லி முடித்ததும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். கார்ல் இறந்துவிட்டதாக மறுநாள் தெரிந்தது.

இந்தச் சம்பவத்தை வீசெந்தால் பின்னாளில் 'சூரியகாந்தி' என்ற புத்தகமாக எழுதினார். தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று வாசகரிடமே கேட்டார். பாதிரியார்கள், ரப்பிகள், தலாய் லாமா, எழுத்தாளர்கள் எனப் பலர் எழுதிய பதில்கள் புத்தகத்தின் பின்பாதியாகச் சேர்ந்தன. படித்தால் ஒன்று கண்ணில் படும். விதிவிலக்குகள் உண்டு; ஆனாலும் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் மன்னித்திருக்கலாம் என்கிறார்கள், யூதர்கள் பெரும்பாலும் மன்னிக்க அவருக்கு உரிமையே இல்லை என்கிறார்கள். இந்தப் பிளவை ஈரநெஞ்சு, கல்நெஞ்சு என்று பிரித்துப் பார்ப்பது தப்பு. குற்றம் என்பது யாரிடம் பட்ட கடன் என்பதில் இரண்டு மதங்களும் இரண்டு விதமாகக் கணக்கு எழுதுகின்றன. குற்ற உணர்வை இறக்கிவைக்க ஒவ்வொரு மதமும் போட்டிருக்கும் வழி அந்தக் கணக்கைப் பொறுத்தே அமைகிறது.

கார்ல் சிறுவயதில் கற்ற வழியிலிருந்து தொடங்கலாம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதைப் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். இப்போதைய திருச்சபைத் தமிழில் ஒப்புரவு அருட்சாதனம். தமிழுக்கு இதோடு ஒரு பழைய உறவு உண்டு. தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களில் ஒன்றே பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடுதான். 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. அதை அச்சிட்ட அதே அன்றிக் அடிகளார் 1580-இல் கொச்சியில் 'கொம்பெசியொனாயரு' என்ற கையேட்டைக் கொண்டுவந்தார். முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே வேலைசெய்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அவர். தமிழ் அச்சுக்கு இரண்டு வயது ஆனபோதே நாம் பாவத்தை முறைப்படி சொல்லக் கற்கத் தொடங்கிவிட்டோம்.

அந்த முறை இப்படி. முதலில் ஆத்தும சோதனை: பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு, எதை எத்தனை தடவை மீறினோம் என்று யோசிப்பது. அடுத்து மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து வருந்துவது ஒரு வகை, கடவுளை நோகடித்துவிட்டோமே என்று வருந்துவது அதைவிட உயர்ந்த வகை. பழைய செபப் புத்தகங்களில் வரும் 'உத்தம மனஸ்தாப மந்திரம்' இரண்டாவதைக் குறிப்பது. பிறகு இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை. அதன்பின் குருவிடம் வாய்விட்டுச் சொல்வது. அவர் ஓர் அபராதம் விதிப்பார், பெரும்பாலும் சில செபங்கள். கடைசியாக, கிறிஸ்துவின் பெயரால் பாவப்பொறுத்தல் வார்த்தையை உச்சரிப்பார். மேற்கத்தியச் சபையில் அந்த வார்த்தை பழங்காலத்தில் கடவுள் உன்னை மன்னிப்பாராக என்ற வேண்டுதலாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில்தான் நானே மன்னிக்கிறேன் என்று தன்மையில் பேசத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் கட்டாயம் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்ததும் அதே நூற்றாண்டில்தான்.

நிம்மதி கிடைப்பது இந்த இடத்தில். மனசுக்குள் சுற்றிக்கொண்டே இருந்த ஒன்று வெளியே வந்து, இன்னொரு மனிதர் காதில் விழுந்து, முடிந்துவிட்டது என்ற பதிலும் சத்தமாகக் கிடைக்கிறது. கேட்டவர் அதை உயிர்போனாலும் வெளியே சொல்ல முடியாது. தனியாகக் கடவுளிடம் அழுதவனுக்குக் கடவுள் கேட்டாரா என்ற சந்தேகம் பாக்கி இருக்கும். இவனுக்கு அது இல்லை.

ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காத ஒரு நிபந்தனை இதில் உண்டு. கடைக் கல்லாவிலிருந்து 10,000 ரூபாய் எடுத்த கணக்குப்பிள்ளை ஒருவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு அந்தப் பணத்தையும் அவர் வைத்துக்கொள்ள முடியாது. பணத்தைத் திருப்பிக்கொடுக்கும் எண்ணம் இல்லையென்றால் அவர் மனஸ்தாபமே போலி, பாவப்பொறுத்தலும் செல்லாது. முதலாளியிடம் போய்த் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, குருவானவர் மூலமாகவே பெயர் சொல்லாமல் பணத்தைச் சேர்ப்பிக்கலாம். முதலாளி இறந்திருந்தால் வாரிசுக்கு. ஆளே கிடைக்காவிட்டால் ஏழைகளுக்கு. கொலைக்கும் இதே தர்க்கம்தான்: உயிரைத் திருப்ப முடியாது, செத்தவரை நம்பியிருந்தவர்களுக்கு இயன்ற ஈடு செய்ய வேண்டும்.

ஆக, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு உண்டு. ஆனால் மன்னிப்பு அவர் கையில் இல்லை. முதலாளி கடைசிவரை மன்னிக்காவிட்டாலும் கணக்குப்பிள்ளையின் பாவம் தீர்ந்ததுதான். ஏனென்றால் இந்தக் கணக்கில் கடன் முதலில் கடவுளிடம் பட்டது.

யூத மதத்தில் இந்த இடம்தான் தலைகீழ். யோம் கிப்பூர் எனப்படும் பரிகார நாளன்று மாலையிலிருந்து மறுநாள் இருட்டும்வரை சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார்கள். எபிரேய அரிச்சுவடி வரிசையில் பாவங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் தட்டிக்கொள்வார்கள். அதிலும் நான் என்று இல்லை, நாம் செய்தோம் என்றே வரும். பக்கத்தில் நிற்பவன் செய்ததற்கும் சேர்த்துத் தட்டிக்கொள்வதுபோல. இத்தனையும் தீர்ப்பது மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்தை மட்டுமே. மனிதனுக்கு மனிதன் செய்ததை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாதவரை, அந்த நாளும் தீர்க்காது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தெளிவாகவே சொல்லிவிடுகிறது. அதனால்தான் யோம் கிப்பூருக்கு முந்தைய நாட்களில் யூதர்கள் ஆள் ஆளாகத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

எப்படிக் கேட்பது என்பதை 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ் வழக்கறிஞரைப் போல எழுதிவைத்திருக்கிறார். நம் கணக்குப்பிள்ளையை அவரிடம் அனுப்பினால், பணத்தைக் கட்டு என்பார், ஆனால் அதோடு விடமாட்டார். முதலாளியிடம் நேரில் போய்க் கேள். மறுத்தால் அவருடைய நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போ. மறுபடியும் மறுத்தால் இன்னும் மூன்று பேர், மூன்றாம் தடவையும் அப்படியே. அதற்கும் மசியாவிட்டால் விட்டுவிட்டு வா, இனி அந்தப் பாவம் மன்னிக்காதவர் தலையில். முரண்டு பிடிப்பது கொடுமை என்று எதிராளிக்கும் ஒரு குட்டு வைக்கிறார். கேட்க வேண்டியவர் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், கடவுளுக்கும் இவருக்கும் நான் இன்ன தீங்கு செய்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். கடனை வாரிசிடம் கொடுக்க வேண்டும். வருந்தியது நிஜம்தானா என்று தெரிந்துகொள்ளவும் ஓர் அடையாளம் தருகிறார். அதே கல்லா, அதே சாவி, ஆளில்லாத அதே மதியம் மறுபடி வாய்த்து, பயத்தாலும் முடியாமையாலும் அல்லாமல், மனம் திருந்தியதால் கை போகவில்லை என்றால், அதுவே முழு மனந்திரும்புதல்.

என் வாசிப்பில், குற்ற உணர்வைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிட நடைமுறை தெரிந்த பக்கங்கள் குறைவு. வெட்கப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்பதோடு, அந்த வெட்கத்துக்கு எல்லையும் மூன்று தடவை என்று குறித்துக் கொடுக்கிறது.

இப்போது கார்லுக்குத் திரும்புங்கள். அவன் கேட்டது யாரிடம்? எரிந்த வீட்டில் இருந்தவர்கள் இல்லை. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போகக் கல்லறையும் இல்லை. கையில் கிடைத்த யாரோ ஒரு யூதரிடம் கேட்டான். 'சூரியகாந்தி'க்குப் பதில் எழுதிய ரப்பி ஆபிரகாம் ஹெஷெல் வாதமே செய்யாமல் ஒரு கதை சொன்னார். பிரிஸ்க் ஊரின் பெரிய ரப்பி ஒரு தடவை ரயிலில் போனார். சீட்டு விளையாடிக்கொண்டிருந்த வியாபாரிகளில் ஒருவர், தங்களோடு சேராத அந்தக் கிழவர் யாரென்று தெரியாமல், அவரைப் பெட்டியை விட்டே வெளியே தள்ளினார். ஊர் வந்து சேர்ந்ததும் அவர் யாரென்று தெரிந்து பதறிப்போன வியாபாரி திரும்பத் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டார். ரப்பி மறுத்துவிட்டார். இவ்வளவு பெரிய மனிதர் ஏன் இப்படி என்று மகன் கேட்டபோது வந்த பதில்: அவர் அவமதித்தது என்னை இல்லை, யாரோ பெயர் தெரியாத ஒரு சாதாரண மனிதனை. அவனிடம் போய்க் கேட்கட்டும்.

முகாமில் வீசெந்தாலின் நண்பர் யோசெக் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். நீ மன்னித்திருப்பாயோ என்று பயந்தேன், செத்தவர்கள் உனக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்றார். பின்னால் வேறொரு முகாமில் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த போலந்துக்காரர் போலெக் எதிர்வாதம் செய்தார்: அவன் உண்மையாக வருந்தினான், கேட்க வேண்டியவர்கள் உயிரோடு இல்லை, உன்னைவிட்டால் அவனுக்கு வேறு யார்? இரண்டையும் படிக்கும்போது என் தலை யோசெக் பக்கம் சாய்கிறது. ஆனால் அந்த ஈயை விரட்டிய கை மட்டும் போலெக் பக்கம் நிற்பதாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இஸ்லாம் இந்த இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதுகிறது. தவ்பா என்ற மனந்திரும்புதலுக்குப் பாதிரியார் தேவையில்லை. பாவத்தை நிறுத்து, வருந்து, திரும்பச் செய்யேன் என்று உறுதிகொள். அல்லாஹ்வோடு மட்டும் சம்பந்தப்பட்ட பாவத்துக்கு இந்த மூன்றும் போதும். அடுத்தவன் உரிமை, ஹக்குல் இபாத், கலந்திருந்தால் நான்காவதாக அந்த உரிமையைத் திருப்பித்தர வேண்டும், அல்லது அவரே விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாதவனை நபிமொழி ஒன்று ஓட்டாண்டி என்கிறது. தொழுகையும் நோன்புமாக மறுமைக்கு வந்து சேர்ந்தவனிடமிருந்து, அவன் திட்டியவர்களும் அடித்தவர்களும் சுருட்டிய பணத்துக்கு உரியவர்களும் அவன் நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். நன்மை தீர்ந்ததும் அவர்கள் பாவம் இவன் தலையில் ஏறுகிறது.

கொலையிலும் மன்னிக்கும் அதிகாரத்தைக் குர்ஆன் செத்தவரின் குடும்பத்துக்குத் தருகிறது. அவர்கள் பழிக்குப் பழி கேட்கலாம், ஈட்டுத்தொகை வாங்கலாம், சும்மாவே விடலாம். வளைகுடாச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்காக ஊரில் பணம் திரட்டும் செய்திகளில் நாம் படிக்கும் 'குருதிப்பணம்' இதுதான். நீதிபதியைவிட, இழந்த வீட்டின் சம்மதமே அங்கே பெரிது.

ஆனாலும் கார்லைப் போன்றவனுக்கு இஸ்லாம் கதவைச் சாத்தவில்லை. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் வரும் கதை இது. 99 பேரைக் கொன்றவன் ஒரு துறவியிடம் போய் எனக்குத் தவ்பா உண்டா என்றான். இல்லை என்றார். அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு ஓர் அறிஞரிடம் கேட்டான். உனக்கும் தவ்பாவுக்கும் நடுவில் யார் நிற்க முடியும், ஆனால் உன் ஊரை விட்டு நல்லவர்கள் வாழும் ஊருக்குப் போ என்றார் அவர். பாதி வழியில் செத்துப்போனான். யாருக்குச் சொந்தம் என்று வானவர்கள் சண்டையிட, இரண்டு ஊருக்கும் தூரத்தை அளந்தார்கள். நல்ல ஊருக்கு ஒரு சாண் அருகே கிடந்தான். மன்னிக்கப்பட்டான். வருத்தம் மட்டும் போதாமல், சாகும் முன் எந்தத் திசையில் நடந்தான் என்பதையே அளவுகோலாக்கும் கதை.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில். வரகுண பாண்டியன் இருட்டில் குதிரையேறி வரும்போது வழியில் படுத்திருந்த அந்தணர் மிதிபட்டுச் செத்தார். தெரியாமல் நடந்தது. ஆனாலும் பிரம்மகத்தி அரசனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தானம் கொடுத்தும் தீரவில்லை. திருவிடைமருதூர்க் கோயிலுக்குள் அவன் கிழக்கு வாசலால் நுழைந்தபோது அது உள்ளே வரமுடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. அரசன் மேற்கு வாசலால் வெளியேறித் தப்பித்தான். போன வழியே திரும்பக்கூடாது என்பது பக்தர்களிடையே இன்றும் நம்பிக்கை. கிழக்கு வாசலில் பிரம்மகத்தி சிலையாக உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறது.

குற்ற உணர்வுக்கு இதைவிடச் சரியான உருவம் கிடைப்பது கஷ்டம்: அழியாது, வாசலில் காத்திருக்கும். ஆனால் யோசெக் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டால் ஒன்று உறுத்தும். அந்த வாசலில் செத்த அந்தணரின் வீட்டார் யாரும் நிற்கவில்லை. தர்மசாஸ்திரப் பிராயச்சித்தங்களும் பெரும்பாலும் செய்தவன் உடம்பின் மேலேயே நடக்கின்றன. சாந்திராயண விரதத்தில் பௌர்ணமிக்கு 15 கவளம், தினம் ஒன்றாகக் குறைந்து அமாவாசைக்குப் பட்டினி, பிறகு ஒன்றாக ஏற்றம். பாவம் அழுக்கு, அதைக் கழுவ வேண்டும் என்ற கணக்கு. தமிழ்ச் சொல்லே கழுவாய்தானே. ஆனால் அந்தச் சொல்லைக் கையாளும் புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் ஒரு விலக்கு வைக்கிறார்: மற்ற கொடுமைகளுக்குக் கழுவாய் இருந்தாலும் செய்ந்நன்றி கொன்றவனுக்கு மீட்சி கிடையாது. அது ஒரு மனிதருக்கு நேராகச் செய்த துரோகம் என்பதால்தானோ என்று எனக்குத் தோன்றும்.

பௌத்தத்தில் மன்னிக்கவே யாரும் இல்லை. பிக்கு தன் தவற்றை இன்னொரு பிக்குவிடம் சொன்னால், தவறு தெரிகிறதா, இனிக் கட்டுப்பாடாக இரு என்பதோடு முடிந்தது. பெரிய தவற்றை மறைத்தால் எத்தனை நாள் மறைத்தாரோ அத்தனை நாள் ஒதுங்கியிருந்து, அதற்குமேல் ஆறு இரவுகளும் கழித்து, இருபது பிக்குகள் கூடித் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். மனிதக் கொலை செய்த பிக்கு இரண்டாக உடைந்த கல், ஒட்டாது. துறவுக்கு முன்னால் கொன்றிருந்தால்? அங்குலிமாலன் அப்படிப்பட்டவன். திருந்திப் பிச்சைக்குப் போனபோது கல்லும் ஓட்டுச்சில்லும் பட்டு, பாத்திரம் உடைந்து, தலையில் ரத்தம் வழியத் திரும்பிவந்தான். புத்தர் ஆறுதல் சொல்லவில்லை. பொறுத்துக்கொள், இது உன் வினை பலிப்பது என்றார்.

எந்த மதத்தின் வழியும் சிலரிடம் வேலை செய்யாமல் போவதுண்டு. 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் லொயோலா இஞ்ஞாசியார் அப்படி மாட்டிக்கொண்டார். ஏற்கெனவே மூன்று நாள் செலவிட்டு எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தவர், எதையோ விட்டுவிட்டோமே என்று மறுபடி மறுபடி போனார். தெளிவாகத் தெரிவதை மட்டும் சொல் என்றார் குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாரம் பட்டினி கிடந்தார், அறையிலிருந்த பள்ளத்தில் குதித்துச் சாகலாமா என்றுகூட நினைத்தார். பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று அவராகவே நிறுத்தியபோதுதான் விடிந்தது.

இன்றைய மனநல மருத்துவர்கள் இதைப் பார்த்தால் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகை என்பார்கள். முஸ்லிம்கள் வஸ்வாஸ் என்பது இதோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். அடையாளம் எளிது. சொல்லி முடித்ததும் கிடைத்த நிம்மதி சில மணி நேரம்கூட நிற்காமல், அதே சந்தேகம் இன்னும் கூர்மையாகத் திரும்பிவரும். வருத்தம் செய்த காரியத்தை நோக்கிப் போகாமல், சரியாகச் சொன்னோமா என்பதையே சுற்றும். இப்படிப்பட்டவருக்கு ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொல்வது சொறிகிற இடத்தை மேலும் சொறிந்துவிடுவது போல. சொல்லத் துடிக்கும் அந்தத் துடிப்பைச் சொல்லாமலே தாங்கப் பழக்குவதுதான் சிகிச்சை. அனுபவமுள்ள பாவசங்கீர்த்தனக் குருமார்கள் திரும்பச் சொல்ல வராதே என்று கண்டிப்பாகத் தடுப்பதும் அதற்குத்தான்.

கார்லிடம் அந்த நோய் இல்லை. அவன் உறுத்தலுக்குக் காரணம் நிஜமாக இருந்தது, எரிந்த வீடு நிஜமாக இருந்தது. தன்னிடமிருந்த சாமான்களை வீசெந்தாலுக்குக் கொடுக்கும்படி அவன் நர்ஸிடம் சொல்லிவைத்திருந்தான். வீசெந்தால் தொட மறுத்து, தாய்க்கே அனுப்பச் சொன்னார். ஆனால் மூட்டைமேல் எழுதியிருந்த முகவரி மனசில் தங்கிவிட்டது.

போர் முடிந்து 1946-இல் இடிபாடாகக் கிடந்த ஷ்டுட்கார்ட் நகரில் அந்தத் தாயைத் தேடிப்போனார். கணவரும் இறந்து தனியாக இருந்தாள் கிழவி. சுவரில் கார்லின் படம். எவ்வளவு நல்ல பிள்ளை தெரியுமா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் என்ன செய்தான், கடைசியில் என்ன கேட்டான், தான் எப்படிப் பதில் சொல்லாமல் வந்தோம் என்பதையெல்லாம் தெரிந்த ஒரே மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அங்கேயும் அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார்.